காருக்கு அமுது, மோட்டார் சைக்கிளுக்கு விஷம்!
எண்ணெய் டின்னில் உள்ள இரண்டு எழுத்தைப் பார்க்காததால் வந்த வினை

“விலை அதிகமான சாமான் நல்ல சாமான்.”

இது பலருடைய எண்ணம். சேலைக்கு இது சரியாக இருக்கலாம். செருப்புக்கும் சரியாக இருக்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் என்ஜின் ஆயிலுக்கு மட்டும் இது சரிப்படாது.

காருக்கு என்று செய்த விலை உயர்ந்த எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால், அந்த வண்டியின் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடலாம். அந்த எண்ணெய் மட்டமானது என்பதனால் அல்ல. அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது என்பதனால்!

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு துணி வியாபாரியின் கதையைப் பார்க்கலாம்.

மைத்துனன் கொடுத்த டின்

அவர் நாமக்கல் பக்கத்துக்காரர். 125 சி.சி. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். துணி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொல்லிமலை ஊர்களில் விற்றுவிட்டு வருவார். அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. கடையில் ஒரு லிட்டர் வாங்கினால் 400 ரூபாய் ஆகும்.

அவருடைய மைத்துனன் ஒரு முதலாளியிடம் கார் ஓட்டுகிறவன். அவன் சொன்னான்:

“மச்சான்! எதுக்குக் காசைக் கொட்டுறீங்க? முதலாளி காருக்கு வாங்கின ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கு. ஒசந்த சரக்கு. இதை ஊத்துங்க. வண்டி பறக்கும்!”

வியாபாரி மகிழ்ச்சியோடு வாங்கி ஊற்றினார்.

முதல் நாலைந்து நாட்கள் மைத்துனன் சொன்னது உண்மைபோலவே இருந்தது. என்ஜின் சத்தம் குறைந்தது. வண்டி வழவழவென்று ஓடியது.

ஒரு வாரம் சென்றது. சமதளச் சாலையில், கடைசி கியரில் போகும்போது அவர் ஆக்சிலேட்டரைத் திருகினார். “உர்ர்” என்று சத்தம் ஏறியது. வேகம் ஏறவில்லை. ‘காற்று எதிரே அடிக்கிறது போலிருக்கிறது’ என்று நினைத்து, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பன்னிரண்டாம் நாள், மூட்டையோடு மலை ஏறினார். பாதி வளைவுகள் தாண்டியிருக்கும். பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. வளைவில் வண்டியை வேகமாக ஏற்றிவிட நினைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகினார்.

என்ஜின் அலறியது. வண்டி நகரவில்லை!

நல்ல வேளை! பஸ் டிரைவர் பார்த்து நிறுத்திவிட்டார். வியாபாரி வண்டியை ஓரமாகத் தள்ளி, அரை மணி நேரம் ஆறவிட்டார். பிறகு மலை ஏறாமல் திரும்பி, மெதுவாக இறங்கி வந்து சேர்ந்தார்.

கிளட்ச் செய்யும் வேலை

இது எப்படி நடந்தது? அதைப் புரிந்துகொள்ள, கிளட்ச் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

என்ஜின் சுழல்கிறது. அந்தச் சுழற்சி கியர் வழியாகப் பின் சக்கரத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிளட்ச்.

அதன் உள்ளே வட்டமான தகடுகள், அப்பளத்தை அடுக்கியதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒரு தகட்டின்மேல், பிடித்துக்கொள்வதற்காகச் சொரசொரப்பான பூச்சு இருக்கும். அடுத்த தகடு வெறும் இரும்பாக இருக்கும். பூச்சுத் தகடுகள் என்ஜினோடு சுற்றும். இரும்புத் தகடுகள் கியரோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இவற்றை அழுத்தி, ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பிடிக்கின்றன.

கையால் கிளட்சை அழுத்தினால் தகடுகள் விலகும். கையை விட்டால் மறுபடி இறுகும். இறுகிய பிறகு அவை வழுக்காமல் ஒன்றாகச் சுற்ற வேண்டும். வழுக்கினால், என்ஜின் மட்டும் சுற்றும், சக்கரம் பின்தங்கிவிடும். கொல்லிமலையில் நடந்தது அதுதான்.

காருக்கும் கிளட்ச் உண்டு. ஆனால் சாதாரணமாகக் கியர் போட்டு ஓட்டும் காரில் அது என்ஜின் எண்ணெய் படாத தனி இடத்தில், உலர்ந்தே இருக்கிறது.

கியர் வைத்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. என்ஜினுக்கு ஊற்றுகிற அதே எண்ணெயில்தான் கிளட்சும் நனைந்துகொண்டிருக்கிறது. கியர் பற்களுக்கும் அதே எண்ணெய்தான். எண்ணெய் கிளட்சின் சூட்டைத் தணிக்கிறது. தகடுகள் நீண்ட நாள் உழைக்கின்றன. இதனை ‘ஈரக் கிளட்ச்’ என்று சொல்லலாம்.

எண்ணெயில் நனைந்தால் வழுக்காதா?

“தகடுகள் எண்ணெயிலேயே ஊறிக் கிடந்தால், எந்த எண்ணெயாக இருந்தாலும் வழுக்கத்தானே செய்யும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பெண்களுக்கு இதன் பதில் தெரியும். கை தண்ணீரில் நனைந்திருந்தாலும் கயிற்றை இறுகப் பிடித்துக் குடத்தைத் தூக்கிவிடலாம். அதே கையில் சோப்பு இருந்தால்? கயிறு நழுவும்; குடம் கிணற்றுக்குள் போகும்.

கைக்குத் தண்ணீர் பகை அல்ல. சோப்புதான் பகை.

எண்ணெயிலும் இதே கதைதான். தகடுகள் இறுகும்போது, நடுவில் இருக்கும் எண்ணெயின் பெரும்பகுதி பூச்சில் உள்ள பள்ளங்களுக்குள் ஒதுங்கிவிடும். மிக மெல்லிய ஒரு படலம் மட்டும் மிஞ்சும். அந்தப் படலம் சாதாரண எண்ணெயாக இருந்தால், தகடுகள் பிடித்துக்கொள்ளும்.

கார் எண்ணெய்கள் பலவற்றில் ‘உராய்வு குறைப்பான்’ என்னும் மருந்து கலக்கப்படுகிறது. இதன் துகள்கள் உலோகத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, கம்பளம் விரித்ததுபோல் வழவழப்பான ஒரு படுக்கையை உண்டாக்கும். காரின் என்ஜினுக்கு இது நல்லது. உராய்வு குறைகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது.

அதே மருந்து, ஈரக் கிளட்சின் தகடுகளிலும் போய் ஒட்டுகிறது. அங்கே உராய்வுதான் வேலையே செய்கிறது! உராய்வு குறைந்தால் பிடிப்புப் போய்விடும். கிளட்சுக்கு இந்த மருந்துதான் சோப்பு.

பெட்ரோலை மிச்சப்படுத்தச் செய்த எண்ணெய், இங்கே பெட்ரோலை வீணாக்குகிறது. என்ஜின் சுற்றிய சுற்று சக்கரத்துக்குப் போகாமல், தகடுகளில் சூடாக மாறிவிடுகிறது.

ஜப்பான்காரர்கள் கண்ட வழி

கார் எண்ணெயில் இந்த மருந்து அதிகமாகச் சேரத் தொடங்கியபோது, மோட்டார் சைக்கிள் செய்கிறவர்களுக்குத் தலைவலி வந்தது. ஜப்பானில் இதற்கென்று ஒரு விதி வகுத்தார்கள். ‘ஜாசோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜப்பானிய மோட்டார் தர அமைப்பு, 1998-ம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்குத் தனி அடையாளம் கொண்டுவந்தது.

எண்ணெயை எப்படிச் சோதிக்கிறார்கள்? கிளட்ச் தகடுகளை அந்த எண்ணெயில் நனைத்து, ஒரு இயந்திரத்தில் சுற்றவிட்டு, இறுக்கிப் பார்க்கிறார்கள். வழுக்கும்போது எவ்வளவு பிடிமானம் இருக்கிறது? பிடித்து நின்ற தகட்டை மறுபடி நகர்த்த எவ்வளவு பலம் தேவைப்படுகிறது? சுற்றுவது நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது? இந்த மூன்றையும் அளக்கிறார்கள்.

பிடிமானம் அதிகமுள்ள எண்ணெய்க்கு ‘எம்.ஏ.’ என்று பெயர். பிடிமானம் குறைந்த எண்ணெய்க்கு ‘எம்.பி.’ என்று பெயர். 2006-ல் எம்.ஏ. வகைக்குள்ளேயே ‘எம்.ஏ.1’, ‘எம்.ஏ.2’ என்று இரண்டு படிகளை வைத்தார்கள். இவற்றில் ‘எம்.ஏ.2’ பிடிமானம் கூடியது.

எம்.ஏ., எம்.ஏ.1, எம்.ஏ.2 - மூன்றும் ஈரக் கிளட்ச் உள்ள வண்டிக்கு ஏற்றவை. இவற்றில் எது வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

எம்.பி. எண்ணெய் யாருக்கு? கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு! அந்த ஸ்கூட்டர்களில் பெல்ட்டும் கிளட்சும் என்ஜின் எண்ணெய் படாமல் தனியாக இருக்கின்றன. எனவே எண்ணெய் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அங்கே தொல்லை இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியது இதுதான். பல வீடுகளில் அம்மாவுக்கு ஸ்கூட்டர், அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் என்று இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஸ்கூட்டருக்கு வாங்கிய எம்.பி. எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று மோட்டார் சைக்கிளில் ஊற்றக் கூடாது. எம்.ஏ. எண்ணெயை ஸ்கூட்டரில் ஊற்றினால் கிளட்சுக்குக் கெடுதல் இல்லை. மாற்றி ஊற்றுவதில்தான் ஆபத்து.

எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது

டின்னில் ‘10 டபிள்யூ 30’, ‘20 டபிள்யூ 50’ என்றெல்லாம் பெரிதாகப் போட்டிருக்கும். அது எண்ணெய் எவ்வளவு கெட்டி, எவ்வளவு நீர்ப்பு என்பதைச் சொல்லும் எண். கிளட்ச் வழுக்குமா, வழுக்காதா என்பதை அது சொல்லாது. ஒரே எண் போட்ட இரண்டு டின்களில் ஒன்று காருக்கும், மற்றொன்று மோட்டார் சைக்கிளுக்கும் உரியதாக இருக்கலாம்.

‘எஸ்.எல்.’, ‘எஸ்.என்.’ என்று இன்னொரு குறி இருக்கும். அது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரம். அது பெரும்பாலும் என்ஜினைப் பற்றியது. அதுவும் கிளட்சைப் பற்றிப் பேசாது.

சில டின்களில் வட்டமான முத்திரை ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ‘எனர்ஜி கன்சர்விங்’ அல்லது ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், அது எரிபொருளை மிச்சப்படுத்தச் செய்த எண்ணெய். கியர் மோட்டார் சைக்கிள்காரர் அதைக் கண்டால் கீழே வைத்துவிடுவது நல்லது.

‘மைலேஜ் கூடும்’ என்று சொல்லி, எண்ணெயோடு கலப்பதற்கு விற்கும் சிறு பாட்டில்களும் உண்டு. உராய்வைக் குறைப்பதுதான் தன் வேலை என்று அந்தப் பாட்டிலே சொன்னால், கிளட்சின் உராய்வையும் அது விட்டுவைக்கும் என்று நம்ப முடியாது.

மெக்கானிக் கண்ட உண்மை

வியாபாரியின் வண்டி பட்டறைக்கு வந்தது. மெக்கானிக் உடனே எதையும் கழற்றவில்லை. முதலில் கிளட்ச் பிடியை விரலால் அசைத்துப் பார்த்தார். அதன் நுனியில் சுமார் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் கேபிள் இறுகியிருந்தாலும் கிளட்ச் வழுக்கும். அப்படியானால் குற்றம் எண்ணெயின்மேல் இல்லை. இந்த வண்டியில் தளர்வு சரியாக இருந்தது.

பிறகு சாலைக்கு ஓட்டிப் போனார். கடைசி கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுவதும் திருகினார். சத்தம் எகிறியது. வேகமானியின் முள் அசையவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்பது உறுதியாயிற்று.

அப்போதுதான் கேட்டார்:

“அண்ணே! கடைசியா எப்போ ஆயில் மாத்தினீங்க? என்ன ஆயில் ஊத்தினீங்க?”

வியாபாரி பெருமையோடு கார் ஆயிலின் பெயரைச் சொன்னார். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எண்ணெயை வடித்தபோது கருகிய வாடை வந்தது. கிளட்சைத் திறந்தால், சொரசொரப்பாக இருக்க வேண்டிய பூச்சு கண்ணாடிபோல் பளபளத்தது. இரண்டு இரும்புத் தகடுகள் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தன.

“ஆரம்பத்திலேயே, சத்தம் ஏறி வேகம் ஏறாத அன்னைக்கே வந்திருந்தா ஆயிலை மட்டும் மாத்திப் பார்த்திருக்கலாம். இப்போ பிளேட்டே போச்சு, அண்ணே!” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது சரி. வழுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டால் பல சமயம் தகடுகள் தப்பிவிடும். என்ஜின் சூடாக இருக்கும்போது எண்ணெயை வடித்து, எம்.ஏ. எண்ணெய் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி புது எண்ணெய் ஊற்ற வேண்டும். ஏன் இரண்டு தடவை? முதல் தடவை வடித்தாலும் பழைய எண்ணெயில் கொஞ்சம் என்ஜினின் மூலை முடுக்குகளிலும், தகடுகளின் பூச்சிலும் தங்கிவிடும்.

வியாபாரிக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. புதுத் தகடுகளைச் சரியான எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார்கள். தகடுகளுக்கு 900 ரூபாய். கூலிக்கும் கேஸ்கெட்டுக்கும் 500 ரூபாய். இரண்டு தடவை எண்ணெய்க்கு 800 ரூபாய். ஆக 2,200 ரூபாய். மூன்று நாள் வியாபாரமும் போயிற்று.

மிச்சம் பிடித்தது 400 ரூபாய்!

“எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!”

“நான் பல வருஷமாகக் கார் ஆயில்தான் ஊற்றுகிறேன். என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சிலர் வாதாடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

எல்லாக் கார் எண்ணெயிலும் அந்த மருந்து ஒரே அளவில் இருப்பதில்லை. சிலவற்றில் இல்லாமலும் இருக்கலாம். இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. என்ஜின் கொடுக்கும் பலத்துக்குச் சரியாக அளந்து யாரும் கிளட்சைச் செய்வதில்லை. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும்படிதான் செய்கிறார்கள். புதுத் தகடு, நல்ல ஸ்பிரிங், லேசான பாரம், சமதளச் சாலை - இவை இருந்தால், வழவழப்பான எண்ணெயையும் கிளட்ச் சமாளித்துவிடலாம். அந்த எண்ணெய், கையிருப்பாக வைத்திருந்த பலத்தைத் தின்றுகொண்டிருப்பது வெளியே தெரியாது.

தகடு தேய்ந்து, பாரம் ஏறி, மேடும் வந்து சேரும் நாளில் அது தெரியும். முன்னால் போகும் லாரியைத் தாண்ட ஆக்சிலேட்டரைத் திருகும்போது தெரியும். எதிரே வண்டி வரும்போது, ‘இதோ தாண்டிவிடலாம்’ என்ற கணக்குப் பொய்க்கும் அந்த நிமிஷத்தில், அறிந்து என்ன பயன்?

கேட்டு வாங்க வேண்டும். கேட்டுக் கொடுக்க வேண்டும்

இதில் வியாபாரியை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. இவ்வளவு முக்கியமான அந்த இரண்டு எழுத்துக்கள் டின்னில் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்! எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

எண்ணெய் செய்கிறவர்கள், ‘கியர் மோட்டார் சைக்கிளுக்கு’, ‘கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு’, ‘காருக்கு மட்டும்’ என்று டின்னின் முன்பக்கத்தில், தமிழில், பெரிதாக அச்சிட வேண்டும். தமிழ்நாட்டில் விற்று, தமிழர்களிடம் காசு வாங்குகிறவர்களிடம் இதை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கடைக்காரர்கள், “என்ன வண்டி?” என்று கேட்ட பிறகே டின்னை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரிய பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் பட்டறைகள், அந்தப் பீப்பாயில் உள்ள எழுத்தை வாடிக்கைக்காரருக்குக் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால், அங்கே ஊற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வண்டிக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டிப் புத்தகத்தைப் பார்த்து, கெட்டித்தன்மை எண்ணையும், அதனோடு ஜாசோ எழுத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் அந்தத் தாளை நீட்டினால் போதும். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. தாளில் உள்ளதும் டின்னில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நாமக்கல் வியாபாரி இப்போது அப்படித்தான் செய்கிறார். அவருக்காக அந்தத் தாளை எழுதிக் கொடுத்தது, எட்டாவது படிக்கும் அவருடைய மகள்!